சட்டுனு முடிச்சிடாதீங்க, டாக்டர்!

பல் பிடுங்கும்போது வலிக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி வலிக்கக் கூடாது என்பதற்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். "ஜெல் போடுவோம் அங்கிள்" என்றார் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். ஜெல் வலிக்காமலிருக்க என்ன போடுவீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி முறைத்த முறைப்பில் வாய் தானாக மூடிக்கொண்டது. பல் டாக்டரிடம் அது உதவாது.

பிடுங்க வேண்டியது மேல் கடைவாய்ப் பல். அதற்கு இரண்டு ஊசி வேண்டும்: கன்னத்துப் பக்கம் ஒன்று, மேலண்ணத்துப் பக்கம் ஒன்று. முதலாவதைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. இரண்டாவதைப் பற்றி முதலிலேயே சொல்லமாட்டார்கள்.

டாக்டர் முதலில் ஈறை கன்னத்துப் பக்கமாகப் பஞ்சுத் துணியால் துடைத்தார். எச்சில் இருந்தால் ஜெல் கரைந்து, மரத்துப்போக வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நாக்கையும் தொண்டையையும் மரக்க வைத்துவிடுமாம். பிறகு பஞ்சு சுற்றிய குச்சியில் துளி ஜெல் தொட்டு வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டாவதும் போனது. அந்தக் காத்திருப்பில்தான் விஷயமே இருக்கிறது. ஜெல்லில் உள்ள லிக்னோகெய்ன் மேல்தோலுக்குள் இறங்க நேரம் வேண்டும். தடவிய கையோடு குத்தினால் அது மருந்தல்ல, நைவேத்தியம்: காட்டினோம், எடுத்துவிட்டோம்.

அப்படி ஊறினாலும் ஜெல் மரக்க வைப்பது மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஊசி நுழைவது தெரியாது. அதற்கப்புறம் நடப்பதற்கு ஜெல் பொறுப்பில்லை.

"சட்டுனு முடிச்சிடுங்க டாக்டர்" என்று கெஞ்சினேன்.

"சட்டுனு முடிச்சாதான் அங்கிள் வலிக்கும்."

இது என் பயத்துக்குப் புரியாத கணக்கு. ஆனால் உண்மை. வலிப்பது ஊசி முனையைவிட அதிலிருந்து வரும் மருந்து. வேகமாகத் தள்ளினால் உள்ளே இடமில்லாத இடத்தில் திசுக்களைப் பிரித்துக்கொண்டு பாய்கிறது. போதாததற்கு, அட்ரினலின் கலந்த மருந்து கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, அதனால் எரிகிறது. மெதுவாகச் செலுத்தினால் முதல் துளிகள் மரக்க வைத்த இடத்துக்குள்தான் அடுத்த துளிகள் போகின்றன. நிமிடத்துக்கு ஒரு மில்லி என்பது நல்ல வேகம். ஒரு குப்பியில் இருப்பது 1.8 மில்லி. ஆகவே ஒரு குப்பிக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். போடும்போது டாக்டர் என் கன்னத்தைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்சுகிறாரோ என்று நினைத்தேன். தொடு உணர்வும் வலியும் ஒரே வாசலில் முண்டியடிக்கும்போது வலி பின்தங்கும் என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் சொன்ன கொள்கை அது என்றார்.

அடுத்தது அண்ணம். அங்கே தோல் தடிமன். கீழே எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது. ஜெல் அவ்வளவாக இறங்காது. மருந்துக்கும் விரிய இடம் கிடையாது. அதனால் குச்சியின் முனையால் அந்த இடத்தை அழுத்தினார், தோல் வெளுக்கும் வரை. அழுத்தத்தை எடுக்காமலே அதன் ஓரத்தில் ஊசியை வைத்து, கால் மில்லி அளவை ஆற அமரச் செலுத்தத் தொடங்கினார். "வலிக்காது" என்று சொல்லவில்லை. "அழுத்தம் தெரியும்" என்றார். பொய் சொல்லியிருந்தால் அடுத்த வார்த்தையை நான் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த வார்த்தை இது: "தலையை ஆட்டாம, வலது காலைத் தூக்கி, கட்டை விரலால காத்துல உங்க பேரை எழுதுங்க."

எழுதினேன். இனிஷியலில் சிக்கிக்கொண்டேன். தமிழில் போடுவதா, ஆங்கிலத்தில் போடுவதா? பாஸ்போர்ட்டில் பின்னால் இருக்கிறது, ரேஷன் கார்டில் முன்னால் இருக்கிறது. நான் ரேஷன் கார்டுப் பக்கம் சாய்ந்த நேரத்தில் "முடிஞ்சுது அங்கிள்" என்றார். ஊசி எப்போது வெளியே வந்தது என்றே தெரியவில்லை.

எல்லாப் பல்லுக்கும் ஜெல் இப்படிப் பலிக்காது. கீழ்த்தாடைக் கடைவாய்க்கு நரம்பைத் தேடி ஊசி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். ஜெல் அதன் வாசற்படியோடு நின்றுவிடும். சீழ் வைத்த இடத்தில் ஊசி மருந்தே சரியாக வேலை செய்யாது. அதனால் பிடுங்கத் தொடங்குமுன் டாக்டர் கூரான கருவியால் ஈறைக் குத்திப் பார்த்து, "அழுத்தமா, வலியா?" என்று கேட்பார். அழுத்தம் என்றால் மேலே போகலாம். வலி என்றால் வீரம் காட்டாமல் சொல்லிவிட வேண்டும். இன்னொரு டோஸ் போடுவார்கள்.

பல் போன இடத்தில் பஞ்சை வைத்து, "அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க, பேசாதீங்க" என்று அனுப்பினார். என் மனைவிக்கு முகம் மலர்ந்தது.

வெளியே காத்திருந்தவர் பதற்றமாக, "ஊசி வலிச்சுதா சார்?" என்றார். வாய் திறக்க முடியாது. ஊசியை மெதுவாக, மிக மெதுவாக அழுத்துவதுபோல விரலால் நடித்துக் காட்டினேன். அவ்வளவு நேரமா குத்துவார்கள் என்று கேட்டுவிட்டு, அவர் நாளைக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.