பெரியப்பாவின் தலை

வியாழக்கிழமை காலை 11 மணி. ஸ்லீப்பர் வகுப்புத் தட்கல் திறந்த அதே நேரத்தில் கட்டுரையாளரின் ஆண்ட்ராய்டு திரையில் பெரியப்பாவின் தலை முளைத்தது. அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த படம். கழுத்தில் மாலை, நெற்றியில் பட்டை, வட்டத்துக்குள் அடங்காத புன்னகை. பயணிகளின் பெயர், வயது எல்லாம் அடித்து முடித்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போகப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானின் வலது முனையில்தான் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவசரத்தில் இறங்கிய கட்டைவிரல் அவர் நெற்றியில் பட்டது. உடனே அரட்டை விரிந்து பாதித் திரையை மூடியது.

அவர் அனுப்பியிருந்த செய்தி: “டிக்கெட் கிடைச்சுதாப்பா?”

கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியல்தான் கிடைத்தது. இதை அவருக்கு அடித்து அனுப்பவும் அந்தக் குமிழி வசதியாகத்தான் இருந்தது.

இன்னொரு செயலியில் வேலை நடக்கும்போதே மிதக்கும் தலையைத் தட்டி “ம்”, “சரி”, “அப்புறம் பேசறேன்” என்று போடும் பழக்கம் வாசகர்களுக்கும் இருப்பதால் விளக்கம் தேவையில்லை. வேலையும் கெடாமல் பதிலும் போக ஒரு நல்ல வழி உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் இந்தத் தலை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

2013 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனம் ‘ஃபேஸ்புக் ஹோம்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. போனின் முகப்பையே ஃபேஸ்புக் ஆக்கிவிடும் திட்டம் அது. அதற்கென்றே எச்டிசி ஃபர்ஸ்ட் என்று ஒரு போனும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒப்பந்தத்துடன் 99 டாலர் என்று தொடங்கிய விலை ஒரே மாதத்தில் 99 சென்ட் ஆனது. போன் போயிற்று, ஹோமும் போயிற்று. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ‘சாட் ஹெட்ஸ்’ மட்டும் போகவில்லை.

அந்தத் தலைகள் நின்றது ஓர் அனுமதியின் தயவில்: மற்றச் செயலிகளுக்கு மேலே வரைந்துகொள்ளும் அனுமதி. அரட்டைக்கு நல்லதுதான். ஆனால் திருட்டுச் செயலி ஒன்றுக்கு அது கிடைத்தால், உண்மையான பொத்தானின் மேல் பொய்ப் பொத்தானை வரைந்து, நாம் ஒன்றை அழுத்துவதாக நினைக்கும்போது வேறொன்றை அழுத்த வைத்துவிடும். 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 வந்தபோது இந்த அனுமதியை அமைப்புகளுக்குள் போய்த் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் `Screen overlay detected` என்ற எச்சரிக்கையைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்களுக்கு நினைவிருக்கும். திரையில் ஒரு தலை மிதந்தால் போதும், வேறு எந்தச் செயலிக்கும் கேமரா அனுமதிகூடக் கொடுக்க முடியாது.

பிறகு கூகுளே குமிழியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 அதைச் செயலி உருவாக்குவோர் சோதித்துப் பார்க்கத் தந்தது. 2020 செப்டம்பரில் ஆண்ட்ராய்டு 11 அதை எல்லாருக்கும் திறந்துவிட்டது. இப்போது தலையை வரைவது ஆண்ட்ராய்டுதான். செயலி, ‘இது ஆளுக்கு ஆள் நடக்கும் உரையாடல்’ என்று முறைப்படி அறிவித்தால்தான் குமிழி கிடைக்கும். அறிவிப்பின் கீழ் ஓரத்தில் சின்னக் குமிழிக் குறி இருந்தால் அந்த உரையாடல் மிதக்கும். குறி இல்லை என்றால், செயலிக்கு அந்த வசதி இல்லை, அல்லது நம் போனில் அது அணைந்திருக்கிறது. வாட்ஸப் பல ஆண்டுகள் இந்த ஆட்டத்தில் சேரவே இல்லை. நம் ஊரில் முக்கால்வாசிப் பேரின் நிம்மதிக்கு அதுதான் காரணம்.

தலை வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது?

நடுத்திரையில் வைக்க முடியாது. கையை எடுத்ததும் இடது ஓரத்துக்கோ வலது ஓரத்துக்கோ ஓடி ஒட்டிக்கொள்ளும். வலது ஓரத்தில் விட்டார் கட்டுரையாளர். ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை’ என்ற செய்தியில் கடைசிச் சொல் பெரியப்பாவின் காதுக்குப் பின்னால் போய்விட்டது. வீட்டில் கொஞ்ச நேரம் கொண்டாட்டம் நடந்தது. இடது ஓரத்துக்கு மாற்றினார். ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து காணோம். மேலே ஏற்றினார். பின்செல்லும் அம்புக்குறி மறைந்தது. கீழே இறக்கினார். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, எத்தனை விக்கெட் விழுந்தது என்று தெரியவில்லை. வலது பக்கம் நடுவில் வைத்தார். குறும்படங்களில் லைக், கமென்ட், ஷேர் எல்லாம் வரிசையாக நிற்கும் இடம் அது. பெரியப்பாவை ஒதுக்கப் போய், முன்பின் தெரியாத ஒருவரின் பரோட்டா வீடியோவுக்கு லைக் விழுந்தது. வரைபடத்தில் வைத்தால் ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று காட்டும் பொத்தானின் மேல் போய் உட்கார்ந்தார். நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. பெரியப்பா எங்கே இருக்கிறார் என்று மட்டும் தெளிவாகத் தெரியும். ஆறங்குலத் திரையில் அவருக்கென்று ஒரு கட்டைவிரல் அகலம் காலி இடம் இல்லை. இருக்கும் இடமெல்லாம் இப்போதே அழுத்த வேண்டிய இடம்.

சரி, தள்ளிவிடலாம். இழுத்தால் திரையின் அடியில் ஒரு பெருக்கல் குறி வரும், அதில் போட்டால் தலை மறையும். மறைந்தது போய்விட்டதாக ஆகாது. அவரிடமிருந்து அடுத்த செய்தி வந்ததும் தலை திரும்ப வரும். “வரேன்” என்று வாசல்வரை போய், செருப்பை மாட்டும்போது நினைவு வந்து மறுபடி உள்ளே வந்து உட்காரும் உறவினரைப் போல. ஒரு நேரத்தில் ஐந்து தலைகள்வரை அடுக்கில் நிற்கும். அதற்கு மேல் வந்தால் பழையது ஒதுங்கும். ஒதுங்கியவர்களும் தள்ளப்பட்டவர்களும் அடுக்கை விரித்தால் தெரியும் கூட்டல் குறிக்குள் காத்திருப்பார்கள்.

நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்றால் விரிந்த குமிழியின் கீழே `Manage` என்று இருக்கும். அதற்குள் `Dismiss bubble` என்பது தற்காலிக விடைகொடுப்பு. `Don't bubble conversation` என்பதுதான் முழு விடுதலை. செய்தி வழக்கமான அறிவிப்பாக வரும், தலை வராது. எல்லாத் தலைகளையும் ஒரேயடியாக நிறுத்த, அமைப்புகளில் அறிவிப்புகள், அதில் `Bubbles`, அதில் `Allow apps to show bubbles` என்பதை அணைக்கலாம். சாம்சங் போனில் இதே விஷயம் அறிவிப்புகளின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் `Floating notifications` என்ற பெயரில் இருக்கிறது.

வேலை கெடாமல் பதில் போடும் வழியைச் சொல்வதாக இருந்தது. தலையை ஓரம் மாற்றி மாற்றி வைத்ததில் பக்கம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பதில் ஒன்று: ஒவ்வொரு செயலிக்கும் `Selected conversations can bubble` என்று ஒரு தேர்வு உண்டு. அதை வைத்தால், நீங்கள் தேர்ந்தெடுத்தவர் மட்டுமே மிதப்பார், மற்றவர்கள் வரமாட்டார்கள். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒருவர் யார் என்பது உங்கள் போனை எட்டிப் பார்க்கும் எல்லாருக்கும் படத்தோடு தெரியும்.