விதை பாக்கெட்டின் முதுகுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பாக்கெட்டின் பின்பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் உயர் அதிகாரி அவர்கள், தாங்கள் நடத்தும் விதைக் கம்பெனி.

மதிப்பிற்குரிய ஐயா,

திருச்சி கே.கே. நகரில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் நாங்கள் நாலைந்து பேர், தங்கள் கத்தரி விதை பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பெரிய எழுத்தில் நகலெடுத்துப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டத் தீர்மானித்தோம். மூக்குக்கண்ணாடி போதாமல் பூதக்கண்ணாடியும் வந்தது. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

விதைக்கும் மாதம் என்ற வரியின் குறுக்கேதான் 'இங்கே கிழிக்கவும்' என்று புள்ளிக்கோடு போட்டிருக்கிறீர்கள். கீழ்ப்படிந்து கிழித்தோம். 'மே' கையில் நின்றது, 'ஜூன்' குப்பைக்கூடைக்குப் போயிற்று. இடைவெளி '60 ×' வரை தெளிவு. அடுத்த எண்ணின் மேல் லாட் நம்பர் முத்திரை உட்கார்ந்திருக்கிறது. சாதா ரகமென்றால் 60 × 60 செ.மீ., அதாவது செடிக்குச் செடி இரண்டடி. வீரிய ஒட்டு ரகமென்றால் 90 × 60. முதல் எண் 60 என்பதால் சாதா ரகம் என்று துப்பறிந்து எழுதிவிட்டேன்.

அட்டவணைதான் தங்கள் மேதைமை. உள்ளது உள்ளபடி நகல்:

முளைப்பு: 7–10 நாள்
நாற்று நடவு: 30–35 நாள்
முதல் பறிப்பு: 55–60 நாள்

எந்த நாளிலிருந்து எண்ணுவது? முதல் இரண்டு வரிக்கும் விதைத்த நாள் கணக்கு. மூன்றாவது வரிக்கு நட்ட நாள் கணக்கு. அதைச் சொல்லாமல் மூன்றையும் ஒரே கட்டத்தில் குடியேற்றியிருக்கிறீர்கள். நம்பிப் படிப்பவர் ஜூன் 1 அன்று விதைத்தால் ஜூலை 26-க்கே கூடையோடு மாடியேறுவார். செடியில் இலைதான் இருக்கும். உண்மைக் கணக்கு வேறு: 32-ஆம் நாள், ஜூலை 3 அன்று நாற்றைப் பிடுங்கி நடுகிறோம், அதிலிருந்து 55 நாள் போனால் ஆகஸ்ட் 27. ஒரு மாத வித்தியாசம். எங்கள் தெருவில் ஒருவர் அந்த ஒரு மாதம் பொறுக்காமல், மலட்டு விதை என்று செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து எஞ்சிய ஒற்றைச் செடி மொட்டு விட்டது.

சந்தேகம் வந்தால் கண்டுபிடிக்க வழி உண்டு. நடவு 35, பறிப்பு 55 என்றால் நட்ட இருபதே நாளில் காய். வேர் பிடிக்கவே ஒரு வாரம் போய்விடும். பூ விட்டது காயாகிப் பறிப்புக்கு வர இரண்டு மூன்று வாரம் வேண்டும். இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர்கள்தான் தங்கள் வாடிக்கையாளர்கள் என்று நினைத்துவிட்டீர்கள் போலும்.

1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் கேட்கிற முளைப்புத் திறன், பரிசோதனைத் தேதி எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. அட்டவணையைச் சட்டம் கேட்கவில்லை. அது தங்கள் தாராள மனம். அந்தத் தாராளத்தில் 'விதைத்ததிலிருந்து', 'நட்டதிலிருந்து' என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்தருள வேண்டுகிறோம். இடம் போதாதென்றால் முன்பக்கத்துக் கத்தரிக்காயைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். அந்த அளவில் எங்கள் மாடியில் இதுவரை எதுவும் காய்த்ததில்லை.

இப்படிக்கு,
நகல் எழுத்தர், கே.கே. நகர், திருச்சி