கரண்ட் பில்லுக்கு ஒரு பில்

வீட்டில் பத்து ஸ்மார்ட் ப்ளக் மாட்டியிருக்கிறேன். ஃபிரிட்ஜ், மோட்டார், கீசர் என்று எது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை ஐந்து வினாடிக்கு ஒரு தரம் குறித்து அமேசானின் எஸ்3-க்கு அனுப்பிவிடும். நாளைக்கு 1,72,800 வரி. சிஎஸ்வி கோப்பாக சுமார் 10 எம்பி, வருஷத்துக்கு 3.8 ஜிபி. இதற்கு டேட்டா லேக் என்று பெயர். வீட்டம்மா வைத்த பெயரை அச்சில் போட முடியாது.

"ஏங்க, மே மாசம் மோட்டார் எத்தனை யூனிட் இழுத்துச்சு?"

அத்தீனாவிடம் கேட்டேன். எவ்வளவு படிக்கிறதோ அதற்குக் காசு: டெராபைட்டுக்கு 5 டாலர். எல்லாமே ஒரே ஃபோல்டரில் கிடந்ததால், மே மாதத்தைத் தேட வருஷம் முழுவதையும் படித்தது. செலவு இரண்டு சென்ட், கொசுறு. ஆனால் அதே கேள்வியை நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கும்படி ஹாலில் ஒரு டாஷ்போர்டு ஓட விட்டிருந்தேனே! நாளைக்கு 1,440 தரம், 27 டாலர். மின்சாரத்தை விட அதை வேவு பார்ப்பதற்குச் செலவு அதிகம்.

வைத்தியம் ஃபோல்டர் பெயரில் இருக்கிறது. கோப்புகளை `month=2025-05` என்று மாதவாரியாகப் பிரித்து வைத்தால், மற்ற மாதங்களை அத்தீனா தொடவே தொடாது. ஆனால் கேள்வியிலும் அந்த `month` இருக்க வேண்டும். நேர முத்திரையை மட்டும் வைத்து வடிகட்டினால் பழையபடி எல்லாவற்றையும் மேயும். கேள்வி முடிந்ததும் திரையில் வரும் "Data scanned" அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

```sql
SELECT sum(watts) * 5 / 3600000.0
FROM readings
WHERE month = '2025-05'
  AND device = 'motor'
```

அடுத்தது பார்க்கே. சிஎஸ்வியில் வாட்ஸ் மட்டும் வேண்டுமென்றாலும் முழு வரியையும் படித்தாக வேண்டும். பார்க்கே ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியாகச் சேர்த்து, சுருக்கி வைக்கிறது. கோப்பின் வாலில், ஒவ்வொரு வரித்தொகுப்பிலும் உள்ள சிறிய மதிப்பு, பெரிய மதிப்பு பதிவாகியிருக்கும். சாதனப் பெயர்ப்படி வரிசைப்படுத்தி எழுதினேன். மோட்டார் இல்லாத தொகுப்புகளை வாலைப் பார்த்தே தாண்டிவிடுகிறது.

கை சும்மா இருக்குமா? சாதனத்துக்கொரு ஃபோல்டர், மணிக்கொரு ஃபோல்டர் என்று திட்டம் போட்டேன். கணக்குப் பார்த்தால் வருஷத்துக்கு 87,600 கோப்பு, ஒவ்வொன்றிலும் 720 வரி. படிப்பதை விடத் திறப்பதற்கே நேரம் அதிகம் பிடிக்கும். என்னைப் போன்ற பொடி லேக்குக்கு மாதமே போதும்.

இப்போது கேள்விக்குச் சில எம்பிதான். அதற்கும் குறைந்தபட்சக் கட்டணமாக 10 எம்பிக்குப் போட்டுவிடுகிறார்கள். இருந்தாலும் டாஷ்போர்டுக்கு நாளைக்கு ஏழு சென்ட். பெருமையாகச் சொன்னேன்.

"அந்தப் பத்து ப்ளக்கும் ராப்பகலா எரியுதே, அது இழுக்கற கரண்ட்?"

அதற்கு நெடுவரிசை வைக்கவில்லை.