சாரலுக்கும் ஒரு வரம்பு வையுங்கள் ஐயா

வாடகையில் டிடிஎஸ் பிடிக்க வரம்பு வகுத்த ஐயாமார்களுக்கு, குற்றாலத்தில் இரண்டு படுக்கையறை பிளாட் ஒன்றை வைத்துக்கொண்டு திண்டாடும் 63 வயதுப் பென்ஷன்காரன் எழுதும் நன்றிக் கடிதம்.

2025 மார்ச் வரை, ஆண்டு வாடகை 2,40,000 ரூபாயைத் தாண்டினால்தான் கம்பெனிகள் டிடிஎஸ் பிடித்தன. ஏப்ரல் முதல் அதை மாதம் 50,000 என்று மாற்றினீர்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 6 லட்சம் ஆகிறதே என்று நானும் கை தட்டினேன். எங்கள் ஊரில் ஆண்டுக்கு மூன்றே மாதம்தான் என்பது அப்போது எனக்கும் தோன்றவில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். ஒரு கம்பெனி தன் ஆட்கள் வந்து தங்க மாதம் 55,000-க்கு எடுத்தது. மொத்தமே 1,65,000, பழைய வரம்பில் ஒரு பைசா பிடித்திருக்க மாட்டார்கள். இப்போது 10 சதவீதம், மாதம் 5,500 போயிற்று. தென்காசியில் என் மச்சான் கடைக் கட்டடத்தை மாதம் 49,000-க்கு விட்டிருக்கிறார். ஆண்டுக்கு 5,88,000 கைக்கு முழுசாக வருகிறது. வரியை அவர் பிறகு கட்டிக்கொள்வாராம்!

என் கைக்கு வந்ததையும் கேளுங்கள். டிடிஎஸ் 16,500. அசோசியேஷன் பராமரிப்பு மாதம் 3,500. சீசன் முடிந்தது என்று அவர்கள் விடுவார்களா? லிஃப்ட், வாட்ச்மேன், குரங்கு விரட்ட ஒரு ஆள், அருவிக்கரையில் இருந்துகொண்டு தண்ணீர் மோட்டார் என்று ஆண்டுக்கு 42,000. மிச்சம் 1,06,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,875. பேரூராட்சிக்குக் கட்டிய வீட்டுவரி இதில் சேரவில்லை.

வீட்டுவரியைக் கழித்துக்கொள்ளலாமாம். அசோசியேஷன் பணத்துக்குத் தனிக் கழிவு கிடையாது. வீட்டுவரி போன வாடகையில் 30 சதவீதம் பொதுக் கழிவு தந்தாயிற்றே என்கிறார் ஆடிட்டர். அதாவது மிஞ்சிப்போனால் 49,500. அசோசியேஷன் போக 7,500-க்கு மேல் நிற்காது. சாரலில் சுவரெல்லாம் பாசி. சுரண்டி வெள்ளையடிக்க இந்தத் தொகைக்குள் ஆள் கிடைத்தால் முகவரி அனுப்புங்கள்.

இதில் வேடிக்கை, பென்ஷனையும் வாடகையையும் கூட்டினாலும் இந்த ஆண்டு எனக்கு வரியே வராது. முதலிலேயே 15எச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்தே இருக்கமாட்டார்கள். ஆடிட்டர் இதை ஆகஸ்ட் கடைசியில் சொன்னார், மூன்று மாதமும் பிடித்து முடித்த பிறகு. இனி அடுத்த ஏப்ரலுக்குப் பின் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் கேட்க வேண்டும். ஜூனில் போன பணத்துக்கு அந்த ஏப்ரல் வரை வட்டியும் இல்லை. பிறகுதான் மாதம் அரை சதவீதம்.

ஆகவே ஐயா, சாரலைப் பன்னிரண்டு மாதமும் பெய்யச் சொல்லி ஓர் அரசாணை போடுங்கள். அதே 1,65,000-ஐ மாதம் 13,750 என்று வாங்கிக்கொள்கிறேன். எந்த வரம்பும் என்னைத் தொடாது.

இப்படிக்கு,
ஐந்தருவி ரோட்டு வீட்டுக்காரன்