நிறுத்த வாரியாக ஒரு குற்றம்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கு,

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் இளநிலை உதவியாளர் அம்மாவுக்குத் தங்கள் அலுவலகம் 17(அ) குறிப்பாணை அனுப்பியிருப்பது அறிந்து, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினன் என்ற முறையில் நன்றி சொல்லவே எழுதுகிறேன். ‘மாணவர் வருகைப் பட்டியலை அனுமதியின்றி வேறு வரிசையில் தயாரித்தது’ என்று குற்றச்சாட்டில் இருக்கிறது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

அந்த அம்மா வேண்டுமென்று செய்யவில்லை. பஸ் பாஸ் விண்ணப்பங்களை நிறுத்த வாரியாகக் கேட்டார்கள். கணினியில் பெயருக்குப் பக்கத்தில் நிறுத்தத்தின் பெயரை ஏற்றினார். நவம்பர் மாத வருகையும் அதே தாளில் இருந்தது. எதையும் ஒழுங்காக அடுக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தாளை நிறுத்த வரிசையில் அடுக்கிவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

ஆசிரியர்கள் பதிவேட்டில் முற்பகலுக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலுக்கு ஒரு சாய்கோடு போடுவார்கள். வகுப்பு வகுப்பாக, அகர வரிசையில் இருக்கும்வரை வராதவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிவார்கள். காலனி நிறுத்தத்துப் பிள்ளைகள் 31 பேரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றதும், 21 வேலை நாட்களில் 14 நாட்கள் மேலிருந்து கீழ்வரை முற்பகல் கட்டம் முழுக்கக் காலி. பிற்பகலில் அத்தனை பேரும் ஆஜர். 31 பேருக்கும் ஒரே காலையில் வயிற்றுவலி வந்து, ஒரே மதியம் குணமாகிறது என்றால் அது மருத்துவத் துறைக்குப் போக வேண்டிய செய்தி.

தலைமையாசிரியரிடம் காட்டினார். “அந்தத் தெருப் பிள்ளைங்க எப்பவும் அப்படித்தாம்மா” என்றார் அவர். அந்த அம்மா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதே தெருவிலிருந்து 11, 12ஆம் வகுப்புக்கு வருகிற எட்டுப் பேர் ஒரு காலைகூடத் தவறவில்லை. தெரு ஒன்றுதான், சில வீடுகள்கூட ஒன்றுதான். அவர்களிடம் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். போதாததற்கு, பள்ளி நடந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் அந்த 31 கட்டங்களும் நிரம்பியிருந்தன. சனிக்கிழமை கம்பெனிக்குப் போகிற கூட்டம் இல்லை. பஸ் காலியாக வரும், நிற்கும். மற்ற நாட்களில் பெரும்பாலும் 8.20 வண்டி கை காட்டும் சீருடைகளைக் கடந்து போய்விடும். அடுத்த வண்டி 10.10க்கு. நடந்தால் ஐந்து கிலோமீட்டர். எப்படி வந்தாலும் முதல் பாடவேளை முடிந்திருக்கும். தாமதமாக வந்தவருக்கு முற்பகல் வருகை கிடையாது என்பது எங்கள் பள்ளி வழக்கம்.

பணிமனையில் கேட்டதற்கு, வண்டி எல்லா நிறுத்தத்திலும் நின்றதாகப் பதிவு இருக்கிறது என்றார்கள். இருக்கும். பாஸோ சீருடையோ காட்டுகிற பிள்ளைகளுக்கு டிக்கெட் கிழிப்பதில்லை. டிக்கெட் இல்லாத பயணி ஏறினாலும் விட்டுப்போனாலும் நடத்துநரின் கணக்கு ஒன்றுதான். அந்த 31 பேர் சாலையோரம் நின்றதற்கு இருக்கிற ஒரே எழுத்துச் சாட்சி எங்கள் பள்ளியின் காலிக் கட்டங்கள். இந்த நிறுத்தம் மட்டும் ஏன் விட்டுப்போகிறது என்று கேட்கலாம். இதற்கு முந்தைய நிறுத்தமும் பிந்தைய நிறுத்தமும் ஊருக்குள் இருக்கின்றன. அங்கே வண்டி எவ்வளவு நெரிசலிலும் நிற்கிறது. மேற்கொண்டு எழுதினால் எனக்கும் ஒரு குறிப்பாணை வரும்.

தங்களுக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாதச் சுருக்கத்தில் தாங்கள் பார்ப்பது விழுக்காடு மட்டுமே. 31 பிள்ளைகளுக்கு வருகையில் மூன்றில் ஒரு பங்கு போனாலும், 480 பேர் படிக்கும் பள்ளியின் சராசரி இரண்டு விழுக்காடுதான் இறங்கும். மழைக்காலத்தில் அதை யார் கேட்பார்கள்? ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் பள்ளிக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

இந்த நிலையில், பட்டியலை மீண்டும் அகர வரிசைக்கு மாற்றும்படி தாங்கள் இட்ட உத்தரவு உடனடியாகப் பலன் தந்திருக்கிறது. திங்கட்கிழமையே மாற்றிவிட்டோம். 31 பேரும் ஐந்து வகுப்புகளில் கலந்து மறைந்துவிட்டார்கள். பஸ் நிறுத்தாமல், சாலை போடாமல், பத்துப் பைசா செலவில்லாமல் இவ்வளவு விரைவாகத் தீர்ந்த பிரச்சினை எங்கள் ஒன்றியத்தில் வேறில்லை.

ஒரே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. போன வாரத்திலிருந்து சைக்கிள் வைத்திருக்கும் அந்த எட்டுப் பேரும் பின் கேரியரில் ஆளுக்கொரு சின்னப் பிள்ளையை ஏற்றி வருகிறார்கள். அதனால் தினமும் காலையில் எட்டுப் பேர் கூடுதலாக ஆஜர். 23 பேர் மட்டும் காலி. எந்த எட்டுப் பேர் என்பதும் முறை வைத்து நாள்தோறும் மாறுகிறது. இந்தப் புதிய ஒழுங்கு வெளியே தெரியாதிருக்க எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று இளநிலை உதவியாளர் அம்மா கேட்கிறார். குறிப்பாணைக்கு விளக்கம் அளிக்க அவருக்கு இன்னும் ஆறு நாட்கள் இருக்கின்றன. அதற்குள் தெரிவித்தால் இரண்டையும் ஒரே உறையில் அனுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்

நகல்: போக்குவரத்துப் பணிமனைக் கிளை மேலாளர் (10.10 வண்டியில் கொடுத்து அனுப்பப்படுகிறது)