கடலை மிட்டாய்க்கும் ‘ஹை புரோட்டீன்’ பட்டம்

மைசூரில் வேலை பார்க்கும் பேரன், கோபிநத்தத்துப் பாட்டிக்குப் புரோட்டீன் பார் வாங்கிப் போனான். நாற்பது கிராம் எடை. விலையோ ஒரு கிலோ பொட்டுக்கடலைக்குப் பக்கத்தில். பாட்டி உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “இதுல என்ன கண்ணு போட்டிருக்காங்க?”

பேரன் முன்பக்கத்தைப் படித்தான்: ‘ஹை புரோட்டீன்’. இந்தப் பட்டம் அப்படியொன்றும் அரிதல்ல. நூறு கிராமில், ஒரு நாள் தேவையில் 20 சதவீதப் புரதம் இருந்தாலே போட்டுக்கொள்ள இந்திய விதி இடம் தருகிறது. ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் என்று வைத்தால், நூறு கிராமில் 11 கிராம் போதும். அறுபது பங்கு வேர்க்கடலையும் நாற்பது பங்கு வெல்லமும் சேர்ந்த கடலை மிட்டாயில் 15 கிராம் இருக்கிறது. அதன் மேலும் அந்தப் பட்டத்தை ஒட்டலாம். செட்டியார் கடைக்காரர் இன்னும் கேள்விப்படவில்லை, அவ்வளவுதான்.

எனவே முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட வேண்டும். புரத கிராமை நாலால் பெருக்கி, மொத்தக் கலோரியால் வகுத்தால், சாப்பிடும் சக்தியில் எத்தனை பங்கு புரதம் என்று தெரிந்துவிடும். பேரன் கொண்டுவந்த பாரில் 10 கிராம் புரதம், 180 கலோரி: 22 சதவீதம். கடலை மிட்டாய்க்கு வருவது 12 தான். மீதி எண்ணெயும் வெல்லமும். வீட்டில் செய்தது என்பதற்காக வெல்லம் சர்க்கரை இல்லாமல் போய்விடாது. பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வெறும் பொட்டுக்கடலைக்குக் கணக்குப் போட்டால் 24 வருகிறது. பாட்டிக்கு உடனே கணக்கில் நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்தது பொருள் பட்டியல். எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. அதனால் சர்க்கரையை குளுக்கோஸ் சிரப், பேரீச்சைப் பாகு, மால்டோடெக்ஸ்ட்ரின் என்று கூறுபோட்டால் ஒன்றும் முதலிடத்துக்கு வராது. கூட்டிப் பார்த்தால்தான் கூட்டணி தெரியும். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்றால் மால்டிடால் இருக்கிறதா என்று தேடலாம். அது அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும். மாதேஸ்வரன் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது இந்த ஆராய்ச்சி வேண்டாம்.

சோயா ஐசொலேட், எமல்சிஃபையர், செயற்கை மணம் என்று எந்தச் சமையலறையிலும் இல்லாத பெயர்கள் வரிசை கட்டினால், அது மிகைப் பதப்படுத்திய தின்பண்டம். விஷம் என்று அலற வேண்டியதில்லை. தினமும் அதுவே பலகாரமாகிவிடக் கூடாது, அவ்வளவே.

உறையில் பெரிதாக ராகிக் கதிர் படம் இருந்தது. அப்படி ஒரு பொருளை முன்னிறுத்தினால் அதன் சதவீதத்தையும் சொல்ல வேண்டும். பேரன் தேடிக் கண்டுபிடித்தான்: 5 சதவீதம். நாற்பது கிராமில் இரண்டு கிராம்.

“ரெண்டு கிராமா?” என்றார், வாழ்நாளெல்லாம் ராகிக் களி கிண்டிய பாட்டி. “நம்ம கோழி முறத்துல இருந்து இதவிட அதிகமா திருடும்.”