சில்லு எங்கே இருக்கிறது?

கேள்வி: பெஸ்தாரி ஜெயா தோட்டத்துப் பாட்டிமார்களின் பால்மரக் கால நினைவுகளைப் பதிவு செய்கிறோம். அடாப்டரில் செருகிய சட்டை மைக் நண்பரின் கைப்பேசியில் வேலை செய்கிறது, என்னுடையதில் இல்லை. ஏன்?

பதில்: மைக்கைத் திட்டாதீர்கள், அடாப்டரைப் பாருங்கள். மைக் தருவது மின் அலை, கைப்பேசி சேமிப்பது எண்கள். மாற்றித் தரும் சில்லு ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். சில கைப்பேசிகள் யூஎஸ்பி-சி துளை வழியே வரும் அலையைத் தம் உள்சில்லுக்கே அனுப்பும்; அவற்றுக்குச் சில்லில்லாத மலிவு அடாப்டரே போதும். நண்பருடையது அந்த ரகமாகவே இருக்க வேண்டும். 2023இல் வந்த ஐபோன் 15 போன்றவை அப்படி அனுப்புவதில்லை. அவற்றுக்கு அடாப்டருக்குள்ளேயே சில்லு வேண்டும். விலை கூடுமே என்பீர்கள். ஆனால் சில்லுள்ளது இரண்டு ரகக் கைப்பேசியிலும் பெரும்பாலும் ஓடும். மைக் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டே என்றால் அது கேமராவுக்கானது. பாட்டி பேசுமுன் சட்டை மைக்கை விரலால் தட்டிப் பதிந்து கேளுங்கள். தட்டல் பலமாக விழவில்லையென்றால், பதிவது கைப்பேசியின் சொந்த மைக்தான்.